நெற்றியில் கொப்புளங்கள்: படத்தைப் பார்த்துவிட்டுப் புதன்கிழமை வரை பொறுக்கலாமா?

தென்காசி மகன் (ஞாயிறு, பகல் 1.10)

அம்மாவுக்கு 63 வயது. ஊரில் தனியாக இருக்கிறார். வலது புருவத்துக்கு மேல் நேற்றுக் காலை சிறு கொப்புளங்கள் கிளம்பியிருக்கின்றன. பக்கத்து வீட்டு அக்கா எடுத்து அனுப்பிய படத்தை இணைத்திருக்கிறேன். அவர் அக்கி என்கிறார். மருந்துக்கடையில் பூச்சி என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார்கள். நான் பெங்களூரிலிருந்து புதன்கிழமைதான் வர முடியும். அதுவரை பொறுக்கலாமா, இன்றே யாரையாவது துணைக்கு அனுப்பி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லவா?

மதுரை மருந்தாளுநர் (1.32)

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடையில் நிற்கிறேன். மழை தொடங்கி வயலில் தண்ணீர் நின்றால் இதே போன்ற முகங்கள் வாரத்துக்குப் பத்தாவது வரும். எறும்பைப் போல நீளமாக, ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு சிறு வண்டு இரவில் விளக்கைத் தேடி வரும். அது கடிப்பதில்லை. தூக்கத்தில் கைபட்டு நசுங்கும்போது அதன் உடல்நீர் பட்ட இடம் வெந்துபோகும். ஒரு நாள் கழித்துத்தான் எரிச்சலும் கொப்புளமும் தெரியும் என்பதால் யாருக்கும் பூச்சி நினைவுக்கு வராது. அக்கி என்று பயந்து வருபவர்களில் பலருக்கு இதுதான். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வைத்தால் ஒரு வாரத்தில் காய்ந்து உதிரும். புதன்கிழமை வரை தாராளமாகப் பொறுக்கலாம்.

ஓய்வுபெற்ற தோல் மருத்துவர் (1.58)

அந்த வண்டைப் பற்றி மருந்தாளுநர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. நானே தொடக்க காலத்தில் வண்டுக் காயத்தை அக்கி என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆனால் இந்தப் படத்தில் வண்டின் அடையாளம் எனக்குத் தெரியவில்லை. வண்டு பட்ட காயம் பெரும்பாலும் சாட்டை பட்டாற்போல ஒரே இழுப்பாக இருக்கும். கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு போன்ற இடங்களில் எதிரெதிரே இரண்டு தடங்களாகப் பதியும். இங்கே நான் காண்பது கொத்துக் கொத்தாகத் திரண்ட கொப்புளங்கள், கொத்துகளுக்கிடையே நலமான தோல், எல்லாம் புருவ மத்தியோடு நின்றுவிடுகின்றன. இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

தம்பி, மூன்று கேள்விகளுக்கு அம்மாவிடம் தொலைபேசியில் பதில் வாங்குங்கள். கொப்புளம் வருவதற்கு முன்பே அந்தப் பக்கம் வலித்ததா? அந்தப் பக்கத்துத் தலைமுடியில் சீப்புப் பட்டால் வலிக்கிறதா? வெளிச்சத்தைப் பார்க்க வலது கண் கூசுகிறதா? இவை மூன்றும் எந்தப் படத்திலும் விழாதவை.

இன்னொரு படமும் வேண்டும். முகத்தில் மஞ்சளோ களிம்போ இருந்தால் மெல்லக் கழுவிவிட்டு, சன்னலோரம் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், முகத்தை அழகாக்கும் வசதி எதுவும் கேமராவில் இயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கை நீளத் தொலைவில் இரு கண்களும் திறந்த முழு முகம் ஒன்று. மூக்கு நுனிக்கு நெருக்கமாக மற்றொன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பினால் நுணுக்கம் கெடாது.

திருப்பூர் பனியன் (2.15)

என் தம்பிக்கு 26 வயது. போன ஆண்டு விலாவில் அக்கி வந்தது. படம் எடுத்து உறவுக்காரச் செவிலியர் ஒருவருக்கு அனுப்பினோம், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். இரண்டு வாரத்தில் தழும்பு மட்டும் மிஞ்சியது. ஆகவே அக்கியாகவே இருந்தாலும் அவசரமில்லை என்பதுதான் எங்கள் அனுபவம். உங்கள் அம்மா வேப்பிலை போட்ட தண்ணீரில் குளிக்கட்டும்.

மானாமதுரை வேளார் மகள் (2.29)

என் அப்பா நாற்பது ஆண்டுகள் அக்கி எழுதியவர். காவிக்கல்லைக் குழைத்து எழுதும்போது அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் வாசலுக்கு வந்தவர்களில் மிகப் பலர் குணமானார்கள். எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் அது தானாகவே காயும் என்பதை நான் செவிலியர் படிப்பில்தான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அப்பாவிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. புருவத்துக்குக் கீழே ஒரு பொட்டு இறங்கியிருந்தாலும் காவியைத் தொட மாட்டார். கண்ணாஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பிவிடுவார். ஏன் என்று கேட்டால், பார்வையை இழந்த நிலையில் திரும்பி வந்த ஒருவரைத் தான் பார்த்ததாகச் சொல்வார்.

தம்பி, யாராவது காவி எழுதுவதற்கு முன் படத்தை எடுத்துவிடுங்கள். எழுதிய பின் எடுத்த படத்தில் சிவப்பு எது, காவி எது என்று எந்த மருத்துவராலும் பிரிக்க முடியாது.

தென்காசி மகன் (3.05)

ஐயா, கேட்டுவிட்டேன். வியாழக்கிழமையிலிருந்தே வலப்பக்கத் தலைவலி. சளி கோத்திருக்கிறது என்று நினைத்துத் தைலம் தேய்த்திருக்கிறார். சீப்புப் பட்டால் ஊசி குத்துவது போல இருக்கிறதாம். கண் கூசவில்லை, ஆனால் காலையிலிருந்து தண்ணீர் வடிகிறது என்றார். புதிய படங்களை இணைத்திருக்கிறேன். மூக்கு நுனிக்குச் சற்று மேலே, வலப்பக்கத்தில் ஒரு சிவந்த புள்ளி இருக்கிறது. அதைக் கொசுக்கடி என்று அம்மா சொல்கிறார்.

ஓய்வுபெற்ற தோல் மருத்துவர் (3.14)

இன்றே போக வேண்டும், இந்த மாலைக்குள்.

அந்தப் புள்ளிதான் காரணம். மூக்கு நுனியின் தோலுக்கும் கண்ணின் உட்பகுதிக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. ஆகையால் அக்கி மூக்கு நுனியில் தலைகாட்டினால் கண்ணுக்குள்ளும் இறங்கியிருக்க வாய்ப்பு மிகுதி. இதை 19ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் கவனித்து எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறோம். மூக்கில் எதுவும் இல்லாமலே கண் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. எனவே அந்தப் புள்ளி இல்லாதிருந்தாலும் நெற்றியில் வந்த அக்கியை நான் புதன் வரை விட்டிருக்க மாட்டேன்.

நேரம் வேறு ஓடுகிறது. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையைத் தொடங்கினால் பலன் நன்றாகக் கிடைக்கும். சனிக்கிழமை காலை ஏழு மணி என்று கொண்டால் செவ்வாய்க்கிழமை காலையோடு அது முடிகிறது. புதன்கிழமை நீங்கள் வந்து இறங்கும்போது ஒரு நாள் கடந்திருக்கும்.

திருப்பூர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தம்பியின் வயதும் இடமும் வேறு. இருபத்தாறு வயதில் விலாவில் வருவது பெரும்பாலும் அப்படித்தான் ஆறும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் தோல் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் அந்த இடம் எரிந்துகொண்டிருக்கும் தொல்லை அதிகம். சட்டைத் துணி உரசினாலே துடிப்பார்கள்.

மதுரை மருந்தாளுநர் (3.31)

மூக்குப் புள்ளியைப் பார்த்த பிறகு நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். முதல் படத்தில் அது தெரியவில்லை. முகத்தின் மேல்பாதி மட்டும்தான் இருந்தது. ஆனால் ஒரு நடைமுறைக் கேள்வி. ஞாயிறு மாலை, கிராமம், துணைக்கு ஆள் இல்லை. அசைக்ளோவிர் மாத்திரை எல்லாக் கடைகளிலும் இருக்கிறது. படமே இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஐயாவே ஒரு சீட்டு எழுதி அனுப்பினால் இன்றிரவே தொடங்கலாமே? 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலும் அதற்கு இடம் தருகிறதே?

ஓய்வுபெற்ற தோல் மருத்துவர் (3.50)

இடம் தருகிறது. நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் அனுப்பிவிடும் கடமையையும் அதே வழிகாட்டுதல் மருத்துவருக்குத் தருகிறது. இங்கே எனக்குத் தயக்கம் இரண்டு இடங்களில். கருவிழியில் புண் இருக்கிறதா என்பதைச் சொட்டுச் சாயம் விட்டு, நீல விளக்கில், உருப்பெருக்கியின் வழியாகத்தான் பார்க்க முடியும். கைப்பேசிப் படத்தில் வெறும் சிவப்பு மட்டும் தெரியும், அதுவும் எப்போதும் தெரியாது.

அடுத்தது சிறுநீரகம். அக்கிக்குப் பெரியவர்களுக்குத் தரும் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஏழு நாள். உதட்டுக் கொப்புளத்துக்குத் தருவதைவிட இது மிக அதிகம். சர்க்கரை உள்ளவர் அறுபது வயதைத் தாண்டியிருந்து, சிறுநீரகம் பலவீனமாயிருப்பது தெரியாமல் இந்த அளவைக் கொடுத்தால், இரண்டாம் மூன்றாம் நாளில் குழப்பமாகப் பேசத் தொடங்குவார். வீட்டார் அதை வயது என்று நினைத்துவிடுவார்கள். தம்பி, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?

கடையில் கொடுத்த களிம்பின் பெயரையும் பாருங்கள். அதில் பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். வண்டுக் காயத்துக்கு அது உதவும். வைரஸ் மருந்து தொடங்காத அக்கியின் மேல், கண்ணுக்கு அரை விரல் தொலைவில், வேண்டவே வேண்டாம்.

தென்காசி மகன் (4.02)

சர்க்கரை எட்டு ஆண்டுகளாக இருக்கிறது. களிம்பிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் மகன் ஆட்டோவில் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போகிறான். அவன் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி, அவளும் துணைக்கு வருகிறேன் என்கிறாள்.

மானாமதுரை வேளார் மகள் (4.06)

அவர் வர வேண்டாம், தம்பி. சின்னம்மை வந்திராத கர்ப்பிணிக்கு இந்தக் கொப்புள நீரிலிருந்து சின்னம்மை தொற்றலாம். பொருக்குத் தட்டும் வரை துண்டும் தலையணையும் தனியாக இருக்கட்டும்.

தென்காசி மகன் (திங்கள், காலை 9.40)

நேற்றிரவு எட்டு மணிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கண் மருத்துவர் சாயம் விட்டுப் பார்த்ததில் கருவிழியின் ஓரத்தில் கிளை கிளையாகச் சிறு கீறல் போல இருந்ததாம். பார்வை இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.6 வந்ததால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிட்டு, அதற்கேற்ப மாத்திரை அளவை முடிவு செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு என்ன சொட்டு, எத்தனை நாள் என்பதை மூன்று நாள் கழித்து மறுபடி பார்த்துச் சொல்வார்களாம். தலைவலி குறையவில்லை.

மதுரை மருந்தாளுநர் (10.15)

நல்ல வேளை. எனினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இனிமேல் ஒவ்வொரு வண்டுக் காயத்தையும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் அங்கே வரிசை தாங்காது. முகத்தில் வந்தது எல்லாமே அவசரம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற தோல் மருத்துவர் (10.48)

முகத்தில் வந்தது எல்லாமே அவசரம் என்று நானும் சொல்லவில்லை. முன்வலி இல்லாமல், காலையில் எழுந்ததும் கன்னத்தில் கோடாக எரிந்தால், கண் இமை வீங்காமலிருந்தால், இரண்டு நாள் பார்க்கலாம். நாளுக்கு ஒரு படம், அதே சன்னல், அதே தொலைவு. பாதி முகப் படத்தை வைத்துப் 'பொறுக்கலாம்' என்று சொல்வதைத்தான் நான் மறுக்கிறேன். அந்தப் படத்தை வைத்துப் 'போ' என்று சொல்லலாம். பொறு என்று சொல்ல அது போதாது.

மானாமதுரை வேளார் மகள் (11.20)

ஐயா, எங்கள் வாசலுக்கு ஐந்தாம் நாள், ஆறாம் நாள்தான் வருகிறார்கள். 72 மணி தாண்டிவிட்டது, இனிப் போய் என்ன பயன் என்று அவர்களே கேட்கிறார்கள். முதுகிலோ இடுப்பிலோ இருந்தால் அவர்களுக்கு நான் என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற தோல் மருத்துவர் (11.41)

புதிய கொப்புளம் இன்னும் கிளம்புகிறதா என்று பாருங்கள், அம்மா. கிளம்பினால் ஆறாம் நாளும் மருந்து தருவோம். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது தெரியும். கொப்புளங்கள் உடலின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போயிருந்தாலோ, உடலில் வேறு இடங்களிலும் சிதறியிருந்தாலோ அன்றே அனுப்புங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கலாம். எல்லாம் பொருக்குத் தட்டிவிட்ட, ஐம்பதைத் தாண்டியவருக்கு மாத்திரை எவ்வளவு உதவும் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வலிக்கு மருந்து வாங்கவாவது அவர் வரட்டும் என்பேன்.