டிசம்பரில் ஊருக்கு வர 18 நாள் லீவு பத்துமா? தேரையும் பார்க்க வேண்டும்

மணல்மேடு
டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறுகிறது, அதனால் அவசரமாகக் கேட்கிறேன். டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்கு வர வேண்டும். எனக்கு லீவு 18 நாள்தான் மிச்சம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை மூன்று வாரம். தேர் அன்றைக்கு வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறார். மூன்று வாரம் என்றால் 21 நாள். மூன்று நாள் இடிக்கிறது. சம்பளமில்லா லீவு எங்கள் எச்.ஆர். தரமாட்டார்கள். எப்படிப் போட்டால் எல்லாம் அடங்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டாறுக்காரன்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நவம்பர் 24 கொடியேற்று, டிசம்பர் 3 பத்தாம் திருவிழா. சவேரியார் தேர் எந்த வருஷமும் தேதி மாறாது. 2026-ல் அது வியாழக்கிழமை. நீங்கள் துபாய்ப் பக்கம் என்றால் டிசம்பர் 2, 3 தேசிய தின விடுமுறையும் சேர்ந்து வரும். நவம்பர் கடைசியிலேயே வந்துவிடுங்கள். குமரி மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை, சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.

வடசேரி அக்கா
தம்பி, முக்கியமான நாலு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். எந்த நாடு? எந்த ஊர்த் தேர்? அந்த 18 என்பது நாட்காட்டி நாளா, வேலை நாளா? பிள்ளைகள் எந்த வகுப்பு? இது தெரியாமல் யார் பதில் சொன்னாலும் ஜோசியம்தான்.

குவைத் மக்கா
நாட்காட்டி நாளாவது ஒண்ணாவது! வார விடுமுறையை லீவில் எண்ணவே மாட்டார்கள் அண்ணே. எனக்குப் போன வருஷம் அப்படித்தான் கொடுத்தார்கள். 18 நாள் எடுத்தால் வெள்ளி, சனி எல்லாம் தனியாகக் கிடைக்கும், இருபத்தைந்து நாள் ஊரில் இருக்கலாம். பயப்படாமல் டிக்கெட் போடுங்கள்.

நாஞ்சில் பழசு
இதே கேள்வி வருஷா வருஷம் வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. இருபத்தாறு வருஷம் வளைகுடாவில் இருந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தேர் என்று மொட்டையாகச் சொன்னால் நம் பக்கத்தில் அது சுசீந்திரம் தேர். கடைசியாக ஓடியது ஜனவரி 2-ம் தேதி. அதற்கு முந்தினதும் ஜனவரியில்தான். ஆகவே டிசம்பரில் வருவது வீண். ஜனவரியில் வந்தால் பொங்கலையும் சேர்த்துக் கொண்டாடலாம்.

மணல்மேடு
மன்னிக்கவும், வேலைக்கு நடுவில் எழுதினேன். ஷார்ஜா. எங்களுக்குச் சனி, ஞாயிறு வார விடுமுறை. சுசீந்திரம் தேரைத்தான் சொன்னேன், எங்கள் வீடு ரதவீதிக்குப் பக்கம். பள்ளி டிசம்பர் 10 வியாழனோடு மூடுகிறது, ஜனவரி 4 திங்கள் திறக்கிறது. வருஷத்துக்கு 30 நாள் லீவு. அப்பா ஆபரேஷனுக்காக ஜூலையில் 12 நாள் எடுத்துவிட்டேன், மிச்சம் 18. அந்த 12-ல் சனி, ஞாயிறையும் சேர்த்துத்தான் பிடித்தார்கள். தேர் ஜனவரியில் என்றால் எல்லாமே கெட்டுப்போகும். உண்மையா?

வடசேரி அக்கா
கவலை வேண்டாம், தேர் டிசம்பரில்தான்.

பழசு அண்ணாச்சி சொன்ன போன தேரின் தேதி சரி, அடுத்த தேரைத்தான் தவறவிட்டார். சுசீந்திரம் திருவிழா ஆங்கிலத் தேதியைப் பார்ப்பதில்லை. மார்கழித் திருவாதிரை பத்தாம் நாளாக வரும்படி கொடி ஏறும், தேர் அதற்கு முந்தின நாள். மார்கழித் திருவாதிரை பௌர்ணமியை ஒட்டி வருவது. பௌர்ணமியோ வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2025-ல் திருவாதிரை ஜனவரி 13. 2026-ல் ஜனவரி 3. அதிலிருந்து பத்து நாள் முன்னால் தள்ளினால் அடுத்தது டிசம்பர் 24. ஒரே ஆங்கில வருஷத்தில் இரண்டு தேர்! இப்படிப் பார்த்தால் கொடியேற்று டிசம்பர் 15 செவ்வாய், தேர் 23 புதன்.

உங்கள் அம்மாவின் பிடிவாதத்திலும் நியாயம் இருக்கிறது. 2027-ல் மார்கழித் திருவாதிரையே கிடையாது. அந்த டிசம்பரில் பௌர்ணமி 13-ம் தேதி, மார்கழி அதற்கு அப்புறம்தான் பிறக்கும். ஆகவே அடுத்த தேர் 2028 ஜனவரி பொங்கலுக்குச் சற்று முன்னால் போய்விடும். அப்போது உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்திருக்கும். பள்ளி விடுமுறைக்குள் தேர் விழுவது இந்தத் தடவைதான்.

இனி லீவுக் கணக்கு. உங்களுக்குச் சனி, ஞாயிறையும் சேர்த்துப் பிடித்தார்கள் என்றால் 18 என்பது நாட்காட்டி நாள். அங்கே சட்டமே அப்படித்தான்: லீவுக்கு நடுவில் வரும் வார விடுமுறையும் அரசு விடுமுறையும் லீவில் சேரும், கம்பெனி தன் விதியில் தாராளமாக ஏதாவது எழுதியிருந்தால் ஒழிய. "நடுவில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். முன்னால் வருவதும் பின்னால் வருவதும் சேராது. டிசம்பர் 11 வெள்ளி வேலை முடித்து ராத்திரி விமானம் ஏறுங்கள். 12, 13 உங்கள் சனி, ஞாயிறு. லீவு 14 திங்களில் தொடங்கட்டும். முடிவு 31 வியாழன். 14 முதல் 31 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 18. ஜனவரி 1 அரசு விடுமுறை, 2, 3 சனி, ஞாயிறு. 4 திங்கள் வேலைக்குப் போகலாம். கையில் 18-ஐ வைத்துக்கொண்டு 23 நாள் ஊர்ப் பக்கம்.

விண்ணப்பத்தில் ஒரு இடத்தில் கவனம். "வேலைக்குத் திரும்பும் நாள்" என்று கேட்டால் ஜனவரி 4 என்று போடுவோம். சில அலுவலகக் கணினி முந்தின நாள் வரைக்கும் எண்ணி 21 என்று காட்டும், உடனே இருப்பு போதாது என்று தள்ளிவிடும். லீவின் கடைசி நாள் டிசம்பர் 31 என்று தனியாகக் குறிப்பிட்டு எச்.ஆரிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குவைத் மக்கா
ஓ, ஷார்ஜாவா. குவைத்தில் வார விடுமுறையைக் கழித்துத்தான் எண்ணுவார்கள், எல்லா இடமும் அப்படி என்று நினைத்தேன். நல்லவேளை டிக்கெட் போடவில்லையே அண்ணே?

தக்கலை டிரைவர்
அக்கா கணக்கு சரி, ஆனால் என் பழைய கம்பெனியில் லீவை ஒட்டி வரும் விடுமுறையையும் பிடித்தார்கள். கேட்டதற்கு "எங்கள் பாலிசி" என்றார்கள். ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வடசேரி அக்கா
பிடிக்கிறார்கள், தெரியும். சட்டத்தை மிஞ்சித் தாராளமாகக் கொடுக்கத்தான் பாலிசி எழுதலாம், குறைக்க முடியாது என்பது என் புரிதல். ஆனால் டிசம்பரில் போய் அதற்காகச் சண்டை போட யாருக்கு நேரம்? இப்போதே கேட்டுவிடுவது மேல்.

நாஞ்சில் பழசு
சரி, தேதி போகட்டும். நான் நாள்காட்டி விற்கிறவன் இல்லை. ஆனால் டிக்கெட் விஷயத்தில் எல்லாரும் திருவனந்தபுரத்துக்கே ஓடுகிறீர்கள். பள்ளி மூடுகிற வார வெள்ளிக்கிழமை அந்த விமானத்தில் விலை கேட்கவே வேண்டாம். மதுரைக்குப் பாருங்கள். நாலுவழிச் சாலை, நாலு மணி நேரத்தில் நாகர்கோவில்.

தக்கலை டிரைவர்
அண்ணாச்சி, மதுரை 240 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 70-தான்.

நாஞ்சில் பழசு
அந்த எழுபதை ஓட்டிப் பார்த்திருக்கிறீரா? பாலராமபுரத்தில் ஒரு நெரிசல், நெய்யாற்றின்கரையில் ஒன்று, களியக்காவிளையில் ஒன்று. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தும் கீழே அதே கதை. மூன்று மணி நேரம் போய்விடும். தூரம் வேறு, நேரம் வேறு.

தக்கலை டிரைவர்
தினமும் ஓட்டுகிறவனிடமா கேட்கிறீர்கள்! அதிகாலை மூன்று மணிக்கு இறங்கினால் தக்கலைக்கு ஒண்ணரை மணி நேரம். வெள்ளி ராத்திரி விமானம் அந்த நேரத்துக்குத்தான் இறங்கும். பகலில் இறங்கினால் நீங்கள் சொல்வது சரிதான்.

கோட்டாறுக்காரன்
பகல் என்றால் திருவனந்தபுரம் சென்ட்ரலில் ரயில் பிடிக்கலாமே. ஆனால் டிசம்பரில் ஐயப்ப சாமிகள் கூட்டம், பெட்டியோடு ஏறுவது கஷ்டம். சவேரியார் தேருக்கு வந்திருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

நாஞ்சில் பழசு
அவர் கேட்டது அந்தத் தேர் இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

தோவாளை டீச்சர்
சாலைச் சண்டைக்கு நடுவில் யாராவது அக்காவின் நாலாவது கேள்விக்குப் பதில் வந்ததா என்று பார்த்தீர்களா? பிள்ளைகள் எந்த வகுப்பு? பெரியது பத்தாவதோ பன்னிரண்டாவதோ என்றால் கதையே வேறு. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு பிப்ரவரியில். அதற்கு முன் மாதிரித் தேர்வு, செய்முறை எல்லாம் ஜனவரியில் குவியும்.

இன்னொன்று. இங்கே எங்கள் பள்ளிகளில் டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு. நீங்கள் 12-ம் தேதி வந்து இறங்கினால் சித்தப்பா, மாமா பிள்ளைகள் எல்லாம் புத்தகத்தோடு இருப்பார்கள். தேர் அன்று உள்ளூர் விடுமுறை கிடைக்கும், மற்றபடி கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் அவர்களுக்கு விடுதலை. முதல் பத்து நாள் கோயிலுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் திருவிழா ராத்திரி மக்கள்மார் சந்திப்பு, அஞ்சாம் திருவிழா காலை கருட தரிசனம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தேருக்கு மட்டும் வந்து இதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள்.

மணல்மேடு
டீச்சர், பெரியவள் பத்தாவதுதான். சொல்ல வேண்டியது என்று தோன்றவில்லை. இரண்டாவது மாதிரித் தேர்வு ஜனவரி 5 செவ்வாய் தொடங்குகிறது.

தோவாளை டீச்சர்
அப்படியானால் 3-ம் தேதி ராத்திரி போய் இறங்கி, 4 பள்ளி, 5 மாதிரித் தேர்வா? பாவம் அந்தப் பிள்ளை. 29 அல்லது 30-க்குத் திரும்பிவிடுங்கள். தேர் 23, ஆராட்டு 24, கிறிஸ்துமஸ் 25. அதற்கு மேல் ஊரில் விருந்துச் சாப்பாடுதான்.

வடசேரி அக்கா
எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. 31-ம் தேதி திரும்பினாலும் நாலு நாள் படிக்கலாம். ஆனால் பெரியவளிடமே கேளுங்கள், நாம் தீர்மானிக்க வேண்டாம்.

குவைத் மக்கா
நான் பத்தாவது படிக்கும்போது தேர்வுக்கு முந்தின நாள் தேர்க்கடையில் வளையல் விற்றேன். பாஸ்தான்.

தோவாளை டீச்சர்
மதிப்பெண்ணையும் சொல்லுங்கள்.

மணல்மேடு (ஒன்பது நாள் கழித்து)
எல்லாருக்கும் நன்றி. 31 அன்று ஸ்டாக் எடுப்பு, ஆள் வேண்டும் என்று மேலாளர் 30 வரைக்கும்தான் கையெழுத்துப் போட்டார். 14 முதல் 30 வரை 17 நாள், ஒன்று மிச்சம். போக 11 வெள்ளி ராத்திரி, திருவனந்தபுரம். 30 ராத்திரி நானும் பெரியவளும் திரும்புகிறோம், அவளே கேட்டுக்கொண்டாள். மனைவியும் சின்னவனும் 2-ம் தேதி. 1-ம் தேதியைப் பிடிப்பார்களா என்று கேட்ட மெயிலுக்கு எச்.ஆர். இன்னும் பதில் போடவில்லை, இனி அது எனக்குத் தேவையும் இல்லை.

தக்கலை டிரைவர்
12 அதிகாலை வண்டி வேண்டுமா? ஆள் எத்தனை, பெட்டி எத்தனை?