உதவி தேவை: வீயெஹலி, ஸயேதெம், பத்யேதெம் – மூன்றுக்கும் தமிழில் "வருகிறோம்"தானா?

அச்சு_அவசரம்
ரஷ்யாவில் சுற்றுலாக் குழுவுக்கு ஒரு சின்ன அட்டை. வேன் ஓட்டுநர் அனுப்பும் வழக்கமான செய்திகளும் அவற்றின் தமிழும் அதில் இருக்கும். ஒரு செய்தியில் வீயெஹலி, ஸயேதெம், பத்யேதெம் என்று மூன்று வினைகள் வருது. அகராதியைப் பார்த்தா வெளியேறினோம், உள்ளே வருவோம், நெருங்குவோம் என்று கிடைக்குது. படிக்க நல்லா இல்லை. எல்லாத்துக்கும் "வருகிறோம்" போட்டுடலாமா? ராத்திரிக்குள்ள அச்சுக்குப் போகணும்.

முன்னொட்டு
இது சுலபம். வினை ஒன்றேதான், முன்னால ஒட்டிக்கிறதுதான் மாறுது. அந்த ஒட்டுக்குத் தமிழில் ஒரு சொல் வையுங்க. வி என்றால் வெளியே, ஸ என்றால் உள்ளே, பத் என்றால் கிட்டே, பிரி என்றால் வா, உ என்றால் போ. "வெளியே வந்தோம், உள்ளே வருவோம், கிட்டே வருவோம்." முடிஞ்சது.

நெவா_கரை
முழு வாக்கியமும் வேணும். ஸயேதெம்முக்குப் பின்னால "ஸா வாமி" இருக்கா, "க் வாம்" இருக்கா? அது தெரியாம யார் சொல்ற பதிலும் குருட்டாம்போக்குதான்.

பழைய_பாடம்
வினைகளைப் பிய்த்து எடுத்து வந்து கேட்பது இங்கே வாடிக்கையாகிவிட்டது. ரஷ்ய மொழியில் வேற்றுமை உருபில்லாமல் இயக்க வினைக்குப் பொருளே கிடையாது. இது முதல் ஆண்டுப் பாடம். அட்டை அச்சடிப்பவர் அதையாவது படித்திருக்கலாம்.

கடைசிப்பெட்டி
இடையில ஒரு சந்தேகம். மாஸ்கோ மெட்ரோவில் பின்னால நிக்கிறவங்க "வி விஹோதிதெ?"ன்னு கேட்கிறாங்க. விஹோதிதெ-யில முன்னால இருக்கிறதும் இந்த வி-தானே? "வெளியே போறீங்களா"ன்னு ஏன் முன்பின் தெரியாத ஆளைக் கேட்கணும்?

நெவா_கரை
அதே வி-தான். ஆனா அதுக்குத் தமிழ் "அடுத்த ஸ்டேஷன்ல இறங்குறீங்களா?" அவங்க இறங்கணும், நீங்க கதவை மறைச்சு நிக்கிறீங்க. இறங்கலைன்னா "நியெத்" சொல்லிட்டு ஒதுங்கி வழி விடுங்க. சிலர் இதையே "ஸ்ஹோதிதெ?"ன்னும் கேட்பாங்க, தமிழ் மாறாது. ரஷ்யனுக்கு ரயில் ஒரு பெட்டி, அதுக்குள்ள இருந்து வெளியே வர்றான். நமக்கு அது மேடு, அதனால இறங்குறோம். முன்னொட்டு, உங்க "வெளியே" இங்கேயே உடையுது பாருங்க.

முன்னொட்டு
ஒரு விதிவிலக்கை வெச்சு விதியை உடைக்க முடியாது. அறையை விட்டு நடந்து வெளியே வந்தால் வி-தான், "வெளியே வந்தார்"தான்.

நெவா_கரை
அது சரி, மறுக்கலை. காலால நடந்து ஒரு வாசலைத் தாண்டுற இடத்துல உங்க பட்டியல் வேலை செய்யும். வண்டி, ஊர், பயணம்னு வந்தா செய்யாது. பெரிய சிக்கல் உங்க கடைசி இரண்டுலதான் இருக்கு. பிரி என்றால் வா, உ என்றால் போ என்று வெச்சுக்கிட்டா தினமும் தப்பு வரும்.

பிளாட்பாரத்துல நின்னு மகனை வழியனுப்புற அம்மா "காக் பிரியேதிஷ், பஸ்வனீ" என்பாங்க. உங்க கணக்குப்படி "வந்ததும் போன் பண்ணு". அந்தத் தமிழைக் கேட்ட பையன், இந்த ஊருக்குத் திரும்பி வந்ததும் பண்ணச் சொல்றாங்கன்னு எடுத்துக்குவான். தமிழ் அம்மா சொல்றது "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு". ரஷ்ய முன்னொட்டு போய்ச் சேரும் இடத்தைப் பார்க்குது, பேசுற ஆள் எங்கே நிக்கிறார்ங்கிறது அதுக்குப் பொருட்டில்லை. நம்ம வா, போ ரெண்டும் பேசுறவரையும் கேட்கிறவரையும் பார்க்குது. அதனால பிரி வந்தா, பேசுறவர் அங்கே இருந்தா "வந்து சேர்", இல்லைன்னா "போய்ச் சேர்".

அச்சு_அவசரம்
மன்னிக்கவும், இதோ முழுசா: "மி உஷே வீயெஹலி இஸ் சூஸ்தல்யா. ஸயேதெம் ஸா வாமி வ் கஸ்தீனித்சு. பத்யேதெம் மினூத் சேரெஸ் த்வாத்சத்." குழு விளாதிமிரில் ஓட்டலில் தங்கியிருக்கும். வேன் சுஸ்தாலில் இருந்து வரும்.

நெவா_கரை
இதுதான் வேணும். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

வீயெஹலி: வண்டி ஊரை விட்டு ரோட்டுக்கு வந்தாச்சு. "வெளியேறிவிட்டோம்"னு போட்டா, சண்டை போட்டுக் குழுவை விட்டுப் போயிட்டாங்க போலன்னு படிப்பாங்க. "கிளம்பிட்டோம்" போடலாம், ஆனா தனியா விடாதீங்க. தமிழ்ல குளிக்கப் போறவனும் போன்ல "கிளம்பிட்டேன்" என்பான். ரஷ்யன் வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு வீயெஹலி சொன்னா அது பொய். அதனால "சுஸ்தாலிலிருந்து கிளம்பிவிட்டோம்"னு ஊர்ப் பெயரோட போடுங்க. மூலத்திலேயே "இஸ் சூஸ்தல்யா" இருக்கு, அதை விட்டுடாதீங்க.

ஸயேதெம் ஸா வாமி: போற வழியில ஒதுங்கி வந்து உங்களையும் கூட்டிக்கிட்டுப் போறோம்னு அர்த்தம். இங்கே ஸா வாமிதான் உயிர். அதே இடத்துல க் வாம் இருந்தா "உங்ககிட்ட ஒரு நடை வந்துட்டுப் போறோம்"னு ஆயிடும். இதுதான் அட்டையில நிஜமா நஷ்டம் பண்ணக்கூடிய இடம். "ஓட்டலுக்கு வருகிறோம்"னு மட்டும் போட்டா, குழு டீ சொல்லிட்டு அறையிலேயே உட்கார்ந்திருக்கும். "ஏற்றிக்கொள்கிறோம்"னு இருந்தாதான் பெட்டியோட கீழே இறங்கி நிக்கும்.

பத்யேதெம்: வண்டி கிட்ட வந்து வாசலில் நிக்கிறது. "வாசலுக்கு வந்துவிடுவோம்." "நெருங்குவோம்"னா எதிரிப் படை மாதிரி இருக்கு. இன்னொண்ணு, எண்ணுக்கு முன்னால மினூத் வந்திருக்கு பாருங்க. "சேரெஸ் த்வாத்சத் மினூத்"னா இருபது நிமிஷம். இப்படி மாத்திப் போட்டா சுமார் இருபது. அதுக்குத் தமிழ்ல "ஒரு" போதும்: "ஒரு இருபது நிமிடத்தில்".

பழைய_பாடம்
பொருள் சரி. ஆனால் "கிளம்பிவிட்டோம்" என்பது பேச்சுவழக்கு. அச்சில் வருவது "புறப்பட்டுவிட்டோம்" என்றிருக்க வேண்டும். மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் நூல்கள் வெளியிட்ட காலத்தில் இப்படியா எழுதினார்கள்?

சங்குப்பிட்டி
உங்கட சண்டைக்குள்ள நானும் வாறன். எங்கட பக்கம் இதுக்கெண்டே ஒரு சொல் இருக்கு: வெளிக்கிடுறது. "சுஸ்தாலில இருந்து வெளிக்கிட்டிட்டம்." வெளி எண்டது சொல்லுக்குள்ளயே கிடக்கு, ரஷ்யன்ர வி மாதிரி. கிளம்பு, புறப்படு ரெண்டுலயும் அது இல்லை. இதை ஏன் ஒருத்தரும் போடுறேல்லை?

முன்னொட்டு
நான் சொன்னதைத்தான் இவரும் சொல்றார். வி என்றால் வெளி!

நெவா_கரை
சொல் அழகு. ஆனா யாழ்ப்பாணத்துல "வெளிக்கிடு" என்றால் உடுத்தித் தயாராகிறதும்தானே? "இன்னும் வெளிக்கிடேல்லையோ"ன்னு கண்ணாடி முன்னால நிக்கிறவங்களையும் கேட்பீங்க. அப்போ நான் கிளம்புக்குச் சொன்ன அதே ஓட்டை இதுலயும் இருக்கு. அதோட படிக்கிற குழு எந்த ஊர்னு தெரியலை.

சங்குப்பிட்டி
ஓம், உடுத்துறதுக்கும் சொல்லுறதுதான். ஆனா "சுஸ்தாலில இருந்து" எண்டு முன்னுக்குப் போட்டா ஆரும் சீலை உடுக்கிறதெண்டு நினைக்கமாட்டினம். கிளம்புக்கு நீங்கள் சொன்ன அதே மருந்துதான். உங்களுக்குப் பழகின சொல் இல்லை எண்டதுதான் விசயம்.

பழைய_பாடம்
வட்டார வழக்கை அட்டையில் போட்டால் அடிக்குறிப்பும் போட வேண்டியிருக்கும். புறப்பட்டுவிட்டோம் என்பதை இரு கரையிலும் விளங்கிக்கொள்வார்கள். "ஏற்றிக்கொள்கிறோம்" என்பதையும் நான் ஏற்கவில்லை. ஏற்றுவது மூட்டை. மனிதரை அழைத்துச் செல்வார்கள்.

கடைசிப்பெட்டி
பஸ்ல கண்டக்டர் "ஆளை ஏத்திக்கிட்டுப் போ"ன்னுதானே டிரைவர்கிட்ட சொல்றார்? அவர் மூட்டையாவா பார்க்கிறார்?

நெவா_கரை
ரெண்டும் சரி. "அழைத்துச் செல்கிறோம்" மரியாதையா இருக்கும், ஆனா அதுல "போற வழியில" தொனி இல்லை, தனியா உங்களுக்காகவே வர்ற மாதிரி இருக்கும். ஸ-வில் அந்த ஒதுங்கல் இருக்கு. "வழியில் ஓட்டலுக்கு வந்து உங்களை அழைத்துச் செல்கிறோம்"னு போட்டா பழைய_பாடமும் ஒத்துக்குவார், அர்த்தமும் கெடாது.

முன்னொட்டுக்கு ஒரு சின்ன நீதி: அவர் சொன்ன "உள்ளே" முழுப் பொய் இல்லை. ஸயேஹத் வ் கராஷ் என்றால் வண்டியை ஷெட்டுக்குள்ள விடுறதுதான். பின்னால வர்ற சொல்தான் முடிவு பண்ணுது.

முன்னொட்டு
அப்போ பயேஹலி? அது "போனார்கள்"தானே? இறந்தகாலம், பன்மை.

நெவா_கரை
வடிவம் அப்படித்தான். "அனீ பயேஹலி"ன்னா "அவங்க கிளம்பிப் போயிட்டாங்க". தனியா உரக்கச் சொன்னா "போலாம்!" 12 ஏப்ரல் 1961 அன்னிக்கு ககாரின் ராக்கெட் கிளம்புறப்போ சொன்னது இதே சொல்தான். அதைப் "போனார்கள்"னு மொழிபெயர்த்தா விண்கலத்துல யாரும் இல்லாத மாதிரி ஆயிடும்.

அட்டையில ஓட்டல் ஆட்கள் பேசுறதையும் சேர்க்கிறதா இருந்தா இன்னொரு ஜோடியைக் கவனிங்க. "ஷஃப்யோர் பிரியேஹல்"னா டிரைவர் வந்திருக்கார், இப்போ இங்கேதான் இருக்கார். "ஷஃப்யோர் பிரியெஷ்ஷால்"னா வந்திருந்தார், போயிட்டார். தமிழ்ல "வந்திருக்கார்", "வந்திருந்தார்" ரெண்டும் அப்படியே பொருந்துது. ரெண்டுக்கும் "வந்தார்"னு போட்டா, போன வண்டிக்காக ஜனங்க வாசலுக்கு ஓடுவாங்க.

சங்குப்பிட்டி
"வந்திட்டுப் போனவர்" எண்டால் இன்னும் தெளிவு.

நெவா_கரை
ஆமா, அது இன்னும் நல்லது. அதையே எடுத்துக்கலாம்.

பழைய_பாடம்
பிரியெஷ்ஷால் எல்லா இடத்திலும் "வந்துவிட்டுப் போனார்" ஆகாது. "ஒவ்வொரு கோடையிலும் வந்தார்" என்பதற்கும் அதுவே வரும். அதைச் சொல்லாமல் விட்டீர்கள்.

நெவா_கரை
சரிதான். "ஒவ்வொரு கோடையிலும்" மாதிரி ஒரு சொல் கூட இருந்தா "வருவார்", "வந்துக்கிட்டிருந்தார்"னு போகணும். ஓட்டல் வாசல்ல ஒரு தடவை நடந்ததைச் சொல்றப்போ அந்தக் குழப்பம் வராது.

அச்சு_அவசரம்
எல்லாருக்கும் நன்றி. அனுப்பியாச்சு. "சுஸ்தாலிலிருந்து புறப்பட்டுவிட்டோம். வழியில் ஓட்டலுக்கு வந்து உங்களை ஏற்றிக்கொள்கிறோம். ஒரு இருபது நிமிடத்தில் வந்துவிடுவோம்." வாசல் என்ற சொல்லுக்கு இடம் பத்தலை.

சங்குப்பிட்டி
புறப்பட்டே போட்டிட்டியள். சரி.

நெவா_கரை
நல்லா இருக்கு. ரஷ்ய வரியை எந்த எழுத்துல போட்டீங்க? ஓட்டுநர் அனுப்புறது ரஷ்ய எழுத்துல வரும். அட்டையில தமிழ் ஒலிபெயர்ப்பு மட்டும் இருந்தா ரெண்டையும் பொருத்திப் பார்க்க முடியாதே?

கடைசிப்பெட்டி
ஆள் போயிட்டார் போல. உயேஹல்?

நெவா_கரை
வண்டியில போயிருந்தா உயேஹல். நடந்து போயிருந்தா உஷோல். நமக்கு ரெண்டும் "போயிட்டார்"தான்.