புதுப்பிப்பு: எல்.சி.யில் சென்னை, ஆவணத்தில் காட்டுப்பள்ளி

அன்று இங்கே நான் கேட்டது: “இந்தியாவிலிருந்து நான் வாங்கிய எவர்சில்வர் பாத்திரம் பினாங்கு வந்துவிட்டது. விற்றவருக்கு வங்கி ஏன் பணம் அனுப்ப மறுக்கிறது?”

எல்.சி. என்பது, ஆவணங்கள் பொருந்தினால் விற்றவருக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம். அதில் ஏற்றும் துறைமுகம் சென்னை; கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகம். வங்கியில் இருந்த அண்ணன் சொன்னார்: “வங்கி பார்ப்பது தாளைத்தான் தம்பி, பாத்திரத்தை இல்லை. தாள் பொருந்தினால் நீங்கள் திவாலானாலும் கட்டும்.”

எழுத்துப்பிழை இருந்தாலே மறுக்கலாம் என்று இங்கே எழுதிய நண்பர் சொன்னது பாதி சரி. அர்த்தம் மாறாத தட்டச்சுப் பிழையை வங்கி பொருட்படுத்தாது. துறைமுகம் மாறினால் அப்படியில்லை. தன் வெங்காயச் சரக்கு அழுகியதை இங்கே சொன்ன அக்காவுடையது சரக்கின் தரம் பற்றியது, அது வேறு வழக்கு.

முரண்பாட்டை ஏற்றுக் கையெழுத்திட்டேன், வங்கியும் சம்மதித்தது. முரண்பாட்டுக் கட்டணத்தை விற்றவருக்குப் போக வேண்டிய பணத்தில் வங்கி கழித்துவிட்டது. அதை விற்றவர் என்னிடம் கேட்கிறார், பேச்சு ஓடுகிறது. அடுத்த எல்.சி.யில் “இந்தியாவின் எந்தத் துறைமுகமும்” என்று போடச் சொல்லிவிட்டேன்.