கடைப் பேஜுக்கு ஒரே பாஸ்வேர்டா, ஆளுக்கொரு அனுமதியா?

பரந்தன் பெடியன்
கிளிநொச்சியில சித்தியின்ர துணிக்கடை. கடையின்ர பேரில ஒரு பேஸ்புக் புரொபைல் திறந்து, அதாலதான் பேஜை நடத்தினவை. பாஸ்வேர்ட் காசுமேசைக்கு உள்பக்கம் ஒட்டிக்கிடந்தது. தீபாவளிக்கு முதல், வேலைசெய்யிற பிள்ளை புதுக்குடியிருப்பில வீட்டில இருந்து உள்ள போகப் பார்த்தா. புது இடம் எண்டு கோட் கேட்டது. கோட் போனது சித்தியின்ர போனுக்கு. அவ சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போய், சார்ஜ் இல்லாமல் நிண்டவ. அண்டைக்கு வந்த ஓடர் ஒண்டுக்கும் பதில் இல்லை.

இப்ப சித்தியின்ர சொந்த புரொபைலுக்கும் எனக்கும் முழு அதிகாரம். பிள்ளைக்கு மெசேஜும் கொமென்டும் மட்டும். பேஜுக்கு மாறி, Settings உள்ள Page access போனால் Add New இருக்கு. சேர்க்கேக்க எங்கட பாஸ்வேர்டைத்தான் கேட்கும், பிள்ளையின்ரயை இல்லை.

முல்லைத்தீவு வியாபாரி
முழு அதிகாரம் குடுக்காட்டி இன்பொக்ஸ் பார்க்கேலாது தம்பி. நான் மூண்டு பேருக்கும் அதைத்தான் குடுத்தனான்.

வவுனியா டிசைனர்
அண்ணை, முழு அதிகாரம் இருக்கிறவர் உங்களையே பேஜில இருந்து எடுக்கலாம், பேஜை அழிக்கவும் செய்யலாம். இன்பொக்ஸுக்கு அது தேவையில்லை. அதே பக்கத்தில task access எண்டு கீழ ஒரு பகுதி இருக்கு. அதில Messages, Community activity மட்டும் விட்டு மிச்சத்தை நிப்பாட்டுங்கோ. ஒண்டு மட்டும்: அப்படிச் சேர்த்தவருக்குப் பேஸ்புக் ஆப்பில பேஜுக்கு மாற வராது, Business Suite ஆப்பாலதான் வேலை செய்யவேணும். வராததைப் பார்த்திட்டு "இது வேலைசெய்யேல்லை" எண்டு முழு அதிகாரத்தைக் குடுக்கிற ஆக்கள்தான் கூட.

தம்பி, அந்தப் பழைய கடைப் புரொபைலை எடுத்திட்டியளோ? ஆளில்லாத பேரில திறந்தது எப்பவாவது பூட்டுப்படும். அதிகாரம் அதிட்ட மட்டும் இருந்திருந்தால் பேஜும் அதோட போயிருக்கும்.

பரந்தன் பெடியன்
எடுத்தாச்சு அண்ணை. முதல் சித்தி தன்ர போனில அழைப்பை ஏற்றதைப் பார்த்துத்தான் எடுத்தனான்.

மாங்குளம் தயிர்க்கடை
எங்களுக்கு ஓடர் எல்லாம் வட்சப் பிசினஸிலதான். அதிலயும் இப்படிப் பிரிச்சுக் குடுக்கலாமோ?

வவுனியா டிசைனர்
அது வேற கதை அக்கா. நாலு கருவிவரை இணைக்கலாம், ஆனால் இணைச்ச ஆள் எல்லா மெசேஜையும் பார்ப்பார். வேலையை விட்டுப் போனால் Linked devices பட்டியலில அந்தக் கருவியை வெளியேத்துங்கோ.

ஒட்டுசுட்டான் தையல்
என்னட்ட வேலைசெய்யிற தங்கச்சிக்கு பேஸ்புக்கே இல்லை. இருந்தாலும் தன்ர பேர் வாடிக்கையாளருக்குத் தெரியும் எண்டு பயப்படுறா.

வவுனியா டிசைனர்
வாடிக்கையாளருக்குப் பேஜின்ர பேர் மட்டும்தான் தெரியும். ஆர் போட்ட பதிவு எண்டு உள்ளுக்கு இருக்கிற உங்களுக்குத்தான் காட்டும். பேஸ்புக் கணக்கே இல்லாட்டி அந்த Page access பக்கத்தால சேர்க்க வழியில்லை. பொய்ப் பேரில ஒண்டு திறந்தால் திரும்பப் பழைய கதைதான்.

ஒட்டுசுட்டான் தையல்
அவவின்ர அம்மா விடமாட்டா எண்டுதான் நினைக்கிறன். இப்போதைக்கு என்ர போனிலயே பதில் எழுதட்டும்.