“இந்த ஐஞ்சு இலட்சத்து நாப்பதாயிரத்தை யார் எடுத்தது?” – மிக்ஸ் வேரியன்ஸ் அனுபவங்கள்

கிராண்ட்பாஸ் கணக்கன்

பட்ஜெட் இலாபத்திலிருந்து உண்மை இலாபத்துக்கு இறங்கி வருகிற அந்த ஒரு பக்கக் கூற்றை மாதாமாதம் செய்கிறவர்கள் இங்கே பலர் இருப்பதால் முன்கதையை விட்டுவிடுகிறேன். தேயிலை பொதி செய்யும் இடம். சாமான் இரண்டுதான்: 100 கிராம் அன்பளிப்பு டின், 200 கிராம் சாதாரண பக்கெட். எண்களைச் சுலபமாக்கித் தருகிறேன்.

டின்னுக்குப் பட்ஜெட் விலை 1,000 ரூபா, மாறும் செலவு 600. பக்கெட்டுக்கு 500, 400. மாதத்துக்கு 4,000 டின்னும் 6,000 பக்கெட்டும் போக வேண்டும். போனதோ 3,000 டின், 9,000 பக்கெட். டின்னை 1,050க்கும் பக்கெட்டை 490க்கும் விற்றிருக்கிறார்கள். வருமானம் 70 இலட்சத்திலிருந்து 75 இலட்சத்து 60 ஆயிரமாக ஏறியதால் சேல்ஸ் ஆட்கள் சிரித்த முகத்தோடுதான் கூட்டத்துக்கு வந்தார்கள். என் தாள் இப்படி:

பட்ஜெட் இலாபம் 700,000
விற்பனை விலை 60,000 சாதகம்
விற்பனை மிக்ஸ் 540,000 பாதகம்
விற்பனை அளவு 440,000 சாதகம்
மாறும் செலவுகள் 50,000 பாதகம்
நிலையான செலவுகள் 30,000 பாதகம்
உண்மை இலாபம் 580,000

சேல்ஸ் மெனேஜர் விரலை மேலிருந்து இழுத்துக்கொண்டு வந்து மூன்றாவது வரியில் நிறுத்தினார். “இந்த ஐஞ்சு இலட்சத்து நாப்பதாயிரத்தை யார் எடுத்தது?” பகிடிக்குக் கேட்கவில்லை. ஸ்டோரில் களவு போயிருக்கிறது என்றே நினைத்துவிட்டார் போல.

நான் விளக்கினேன். மொத்தம் 12,000 போயிருக்கிறது. பட்ஜெட்டின் 40க்கு 60 என்ற விகிதத்தில் போயிருந்தால் டின் 4,800 போயிருக்கும். 1,800 டின் குறைந்து, அந்த இடத்தில் 1,800 பக்கெட் வந்திருக்கிறது. 400 ரூபா தருவது போய் 100 ரூபா தருவது வந்தால் 1,800 தரம் 300 ரூபா நட்டம்.

உடனே பக்கெட் டீமின் சுப்பர்வைசர் எழும்பினார். “அப்ப எங்கட வரியில சாதகம்தானே? போனஸுக்கு அதை எழுதுங்கோ சேர்.” தாளின் பின்பக்கத்தில் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது: டின் 720,000 பாதகம், பக்கெட் 180,000 சாதகம். டிரெக்டர் என்னைப் பார்த்து, “கணக்குச் சரியா?” என்றார். கூட்டல் சரி, ஆனால் இன்னொரு முறையில் செய்தால் அந்த வரியே பாதகமாகும் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். போனஸும் கொடுத்தாயிற்று. இன்னும் உறுத்துகிறது. உங்கள் இடங்களில் மிக்ஸைச் சாமான் வாரியாகப் பிரித்துக் காட்டுகிறீர்களா?

மருதானை ரெப்

நான் கணக்குப் படிச்சவன் இல்லை, ரோட்டில ஓடினவன். இந்த மிக்ஸ் எண்டதே ஒபிஸ் ஆக்களின்ட விளையாட்டு. 540 பாதகம் எண்டு எழுதுறீங்க, அடுத்த வரியில 440 சாதகம் எண்டு எழுதுறீங்க. ரெண்டையும் சேர்த்தா ஒரு இலட்சம்தான். ஒரு இலட்சத்தை ரெண்டாப் பிரிச்சுப் பெரிசாக் காட்டி எங்களைப் பயப்படுத்துறது.

எனக்கும் இப்பிடி ஒரு கூட்டம் நடந்தது. விலை குறைச்சு வித்தனான் எண்டு வேரியன்ஸைத் தூக்கி மேசையில போட்டாங்க. பத்து ரூபா குறைச்சபடியால்தானே அவ்வளவு போச்சுது! குறைக்காம இருந்தா அரைவாசி திரும்பி வந்திருக்கும். அதை ஒரு வரியிலயும் எழுதுறேல்லை. அதோட, பட்ஜெட் 6,000 பக்கெட் எண்டா விலைக் குறைப்பையும் 6,000க்குத்தானே கணக்குப் பார்க்கவேணும்? 60,000தான் பாதகம். நீங்க 9,000க்கு அடிச்சு 90,000 எண்டு போட்டிருக்கிறீங்க. கூட வித்ததுக்கும் தண்டனையா?

பம்பலப்பிட்டி பழைய கொஸ்ட்காரர்

தம்பி ரெப், நீங்கள் சொன்னதில் ஒன்று நல்ல சரி, ஒன்று பிழை. விலையும் அளவும் கைகோத்துப் போகும் என்பது சரி. பக்கெட்டில் விலையால் இழந்தது 90,000. 3,000 கூடப் போனதால் வந்தது 300,000. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். தனித்தனி வரியாகக் காட்டும் கூற்று அந்த உறவை மறைக்கிறது. ஆனால் விலை வேரியன்ஸை 6,000க்குப் பார்த்தால் தாள் இணையாது. கடைசி வரியில் 30,000 ரூபா தொங்கிக்கொண்டு நிற்கும். உண்மையில் பில் போட்ட ஒவ்வொரு பக்கெட்டிலும் பத்து ரூபா குறைந்திருக்கிறது, ஆகவே 9,000தான்.

இப்போது கணக்கன் தம்பிக்கு. உங்கள் சராசரி மார்ஜின் என்ன? 22 இலட்சத்தை 10,000ஆல் பிரித்தால் 220 ரூபா. அளவு வேரியன்ஸுக்கு அதைத்தானே பாவித்தீர்கள், 2,000 தரம் 220, 440,000. மிக்ஸுக்கும் அதே சராசரியிலிருந்து அளந்து பாருங்கள். டின் சராசரியைவிட 180 கூடத் தருகிறது. அது 1,800 குறைந்தது, 324,000 பாதகம். பக்கெட் சராசரியைவிட 120 குறையத் தருகிறது. அது 1,800 கூடியது, 216,000 பாதகம். கூட்டினால் அதே 540,000. மொத்தம் அசையவில்லை, பக்கெட்டின் வரி மட்டும் 180,000 சாதகத்திலிருந்து 216,000 பாதகத்துக்குப் புரண்டுவிட்டது.

போனஸ், கண்டனக் கடிதம் என்று ஆட்களைத் தொடும் எதற்கும் நான் சராசரி முறையைத்தான் பாவித்தேன். மெலிந்த மார்ஜின் சாமான் கூடப் போனால் மிக்ஸ் கெடுகிறது. அந்த வரியில் பாதகம் என்று வந்தால்தான் வாசிக்கிறவருக்கு விளங்கும். இன்னும் சரியாகச் சொன்னால், போனஸை மிக்ஸ் வரியில் கட்டியிருக்கவே கூடாது. டின் டீம் 400,000 கீழே, பக்கெட் டீம் 300,000 மேலே என்ற மொத்த அளவு வேரியன்ஸே அவர்கள் கையில் உள்ளது. மற்ற டீம் என்ன விற்றது என்பதைப் பொறுத்து என் மிக்ஸ் மாறுகிறதென்றால் அதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரூபாயால் பெருக்குவதற்கு முன் மிக்ஸ் வித்தியாசங்களை அலகில் கூட்டிப் பாருங்கள். பூச்சியம் வர வேண்டும்: உங்களுடையதில் 1,800 கழித்தல், 1,800 கூட்டல். வராவிட்டால் விகிதத்தை எங்கேயோ முழு எண்ணாக்கியிருக்கிறீர்கள், அல்லது பட்ஜெட்டில் இல்லாத புதுச் சாமான் ஒன்று மொத்தத்துக்குள் புகுந்திருக்கிறது. இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். மார்க்கெட்டிங் இடையில் ஒரு புதுப் பக்கெட் இறக்கும், எங்களுக்குச் சொல்லாது. அதைத் தனி வரியில் வையுங்கள், மிக்ஸுக்குள் திணிக்காதீர்கள்.

புறக்கோட்டை மொத்த வியாபாரம்

எனக்கு மிக்ஸில் பிரச்சினை இல்லை, விலை வரியில்தான். கோர்டியல் போத்தல். 2023 கடைசியில் பட்ஜெட் போட்டபோது வற் 15 வீதம். போத்தலில் அச்சடித்த விலை 1,150, வற் போக 1,000. 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் 18 வீதமானது. அச்சடித்த லேபல் முடியும்வரை அதே 1,150க்குத்தான் விற்றோம். வற் கழித்தால் கையில் 974 ரூபா 58 சதம். ஒவ்வொரு போத்தலிலும் 25 ரூபா 42 சதம் பாதகம்.

மாத முடிவில் கணக்குப் பகுதியிலிருந்து ரெப்மாருக்கு ஒரு மெமோ: ‘அனுமதியின்றி விலைக்கழிவு வழங்கியமைக்கான காரணத்தைத் தெரிவிக்கவும்.’ ஒரு பெடியன் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு என் கவுண்டருக்கு முன்னால் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாலு பில்லை எடுத்துப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும், எல்லா பில்லிலும் குறைவு ஒரே தொகை. ரெப் கழிவு கொடுத்திருந்தால் கடைக்குக் கடை வேறுபட்டிருக்கும்.

மருதானை ரெப்

நானா, அதைத்தான் நான் சொல்றன். முதல்ல கடிதம், பிறகுதான் பில்.

தெஹிவளை மாணவி

அண்ணாமாருக்கு வணக்கம். சோதனை கிட்ட வருகிறது. கணக்கன் அண்ணாவின் எண்களை நான் செய்து பார்த்தேன், மிக்ஸ் 900,000 பாதகம் என்று வருகிறது. 1,800 டின்னை 1,000ஆலும் 1,800 பக்கெட்டை 500ஆலும் பெருக்கினேன். அண்ணாவின் 540,000 எப்படி?

கிராண்ட்பாஸ் கணக்கன்

தங்கச்சி, நீங்கள் விற்பனை விலையால் பெருக்கியிருக்கிறீர்கள். அது வருமானத்தை இணைக்கும், இலாபத்தை இணைக்காது. உங்கள் முறையில் அளவு 2,000 தரம் 700, அதாவது 1,400,000 சாதகம். அதில் 900,000 கழித்து விலை 60,000ஐச் சேருங்கள், 560,000 வரும். வருமானம் கூடியதும் அதேதான். ஆனால் விற்காத டின்னுக்கு 600 ரூபா செலவும் ஏற்படவில்லையே. இலாபத்தில் போனது 400 மட்டும்.

கொஸ்ட்கார ஐயா, நன்றி. அந்த 216,000 பாதகத்தை நானும் போட்டுப் பார்த்திருந்தேன், டிரெக்டருக்கு இரண்டு விடையைக் காட்ட வழி தெரியவில்லை.

வத்தளை பெக்டரி அக்கா

எல்லாரும் டின்னையும் பக்கெட்டையும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் இடத்தில் கிலோவில்தான் செய்வோம், இயந்திரம் கிலோவில்தான் ஓடுகிறது. உங்கள் எண்களையே கிலோவில் போட்டேன். பட்ஜெட் 1,600 கிலோ, சராசரி மார்ஜின் கிலோவுக்கு 1,375. போனது 2,100 கிலோ. அளவு 500 தரம் 1,375, 687,500 சாதகம். மிக்ஸ் 787,500 பாதகம். நிகரம் அதே ஒரு இலட்சம் பாதகம், ஆனால் உங்கள் 540 இப்போது 787 ஆகிவிட்டது. ஒரே மாதம், ஒரே சாமான்.

ஐயா, சராசரி முறையா தனி முறையா என்று பார்ப்பதற்கு முன் இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி பழைய கொஸ்ட்காரர்

பிள்ளை, கடையில் வாங்குகிறவர் டின்னா பக்கெட்டா என்றுதான் யோசிக்கிறார், கிலோ என்று யோசிப்பதில்லை. அதனால் இந்தச் சாமானுக்கு நான் எண்ணிக்கையோடுதான் நிற்பேன். மொத்தமாகத் தூள் விற்கும் இடமென்றால் கிலோ. எதுவானாலும் பட்ஜெட் போடும் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும், கூட்டத்துக்கு முதல் நாள் மாற்றக் கூடாது.

வத்தளை பெக்டரி அக்கா

டின்னும் பக்கெட்டும் ஒரே ஆள் வாங்குகிற சாமான் என்று யார் சொன்னது? டின் அன்பளிப்புக்கு, பக்கெட் வீட்டுக்கு. ஒன்று குறைந்ததால் மற்றது கூடவில்லை என்றால் மிக்ஸ் வரியே எதற்கு?

மருதானை ரெப்

அக்கா, நான் இதைத்தானே முதல்ல சொன்னனான்.