25 மீட்டர் இடைவெளி: குடியிருப்புக்குள் புள்ளி போட்ட அனுபவங்கள்

செம்பூர் வரைபடம்

மும்பையின் குடிசைப் பகுதிகளில் குடிநீர் பற்றிய வீட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. எந்த வீட்டுக்குப் போவது என்று முடிவுசெய்யும் புள்ளிகளைப் போட்டுக்கொடுத்தவன் நான். வீட்டுப் பட்டியல் கையில் இல்லை. அதனால் செயற்கைக்கோள் படத்தின்மேல் 11 குடியிருப்புகளின் எல்லைகளைப் பலகோணங்களாக வரைந்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் 30 புள்ளிகள் தற்செயலாக விழவேண்டும், எந்த இரண்டுக்கும் இடையே 25 மீட்டராவது இருக்கவேண்டும் என்பது திட்டம். ஒரே சந்தில் மூன்று வீடுகள் அகப்பட்டால் மூன்றும் ஒரே குழாயைப் பற்றித்தானே சொல்லும்? இடைவெளி வைத்ததற்கு அதுதான் காரணம்.

QGIS என்ற வரைபட மென்பொருளின் தற்செயல் புள்ளிக் கருவியை ஓட்டினேன். வரைபடம் முழுக்கப் புள்ளிகள் நிறைந்தன, பார்க்க ஒழுங்காகவே இருந்தது. அச்சிட்டுக் களத்துக்கு அனுப்பிவிட்டேன். இரண்டாம் நாள் மாலை களப் பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். "இந்தக் குடியிருப்பில் 24 புள்ளிகள்தான் இருக்கின்றன, மீதி ஆறு எங்கே?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. அது ஏறக்குறைய 100 மீட்டர் அகலமும் 200 மீட்டர் நீளமும் கொண்ட இடம். தண்டவாளத்தை ஒட்டிய இன்னொரு குடியிருப்பு 600 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். அதில் 17 மட்டுமே விழுந்திருந்தன. கருவி எந்தப் பிழையும் காட்டி நிற்கவில்லை. முடிவுகளின் கீழே `POINTS_MISSED` என்ற வரியில் அந்த எண்ணிக்கை இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

இதுபோல் புள்ளி போட்டவர்கள், புள்ளியைத் தேடிப் போனவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

அல்சூர்வாசி

எனக்கும் பெங்களூரில் இதே கதைதான். 40 குடியிருப்புகளில் தலைக்கு 15 புள்ளிகள் கேட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புள்ளி விழுந்தது. எல்லைக் கோப்பு அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்ததுதான் காரணம். நான் 25 என்று கொடுத்ததைக் கருவி 25 பாகை என்று எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியில் நம் நாட்டுக்குள்ளேயே இரண்டு புள்ளிகள் போடுவது பெரும்பாடு! கோப்பை மீட்டரில் அளக்கும் `EPSG:32643` என்ற ஆயமுறைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. மும்பைக்கும் அதே மண்டலம்தான். உங்கள் சிக்கலும் இதுவாகத்தான் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

செம்பூர் வரைபடம்

இல்லை ஐயா, என் கோப்பு மீட்டரில்தான் இருந்தது. பாகையில் இருந்திருந்தால் எனக்கும் ஒன்றுதான் விழுந்திருக்கும், 24 வந்திருக்காது.

கோவண்டி மாணவர்

கருவி ஒவ்வொரு புள்ளிக்கும் பத்து முறைதான் முயலும், அதற்குமேல் கைவிட்டுவிடும். முயற்சி எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். நான் எப்போதும் 1000 வைப்பேன்.

```
processing.run("native:randompointsinpolygons", {
  'INPUT': 'kudiyiruppu_utm43.gpkg',
  'POINTS_NUMBER': 30,
  'MIN_DISTANCE': 25,
  'MIN_DISTANCE_GLOBAL': 25,
  'MAX_TRIES_PER_POINT': 1000,
  'SEED': 4711,
  'OUTPUT': 'pulli.gpkg'})
```

`MIN_DISTANCE_GLOBAL`-ஐ மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் இடைவெளி ஒரு பலகோணத்துக்குள் மட்டும்தான் பார்க்கப்படும். அடுத்தடுத்த இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு சந்துதான் என்றால், இரண்டு புள்ளிகளும் எதிரெதிர் வாசலில் விழும்.

செம்பூர் வரைபடம்

இதை நானும் செய்து பார்த்தேன் தம்பி. 1000 முயற்சிகளில் 24 என்பது 27 ஆனது. 30 வரவே இல்லை.

மாட்டுங்கா புள்ளியியல்

வராது. முயற்சி குறைந்ததால் வந்த குறையன்று இது, இடமே இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி 25 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத் தட்டு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. கையால் நெருக்கி அடுக்கினால் நிறையப் போடலாம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக வீசினால், பரப்பில் சுமார் 55 விழுக்காடு மூடப்பட்டதும் அடுத்த தட்டுக்கு இடம் இருக்காது. கணக்காகச் சொன்னால், பரப்பை இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்து 0.7-ஆல் பெருக்குங்கள். உங்களுக்கு 20,000 சதுர மீட்டரை 625-ஆல் வகுத்தால் 32, அதில் 0.7 பங்கு 22. எல்லையில் விழும் தட்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் இன்னும் ஐந்தாறு கூடும். ஆகவே 27 என்பது நிரம்பி வழிகிற நிலை.

கோவண்டி மாணவர்

அப்படியானால் தண்டவாளத்தோரக் குடியிருப்பின் பரப்பு 7,200 சதுர மீட்டர்தான். உங்கள் கணக்குப்படி எட்டுப் புள்ளிகளுக்குமேல் கூடாது. 17 எப்படி விழுந்தது?

மாட்டுங்கா புள்ளியியல்

நல்ல கேள்வி. அகலம் இடைவெளியைவிடக் குறைவாக இருக்கும்போது பரப்புக் கணக்கு உதவாது. 12 மீட்டர் அகலத்தில் தட்டுகள் இருபுறமும் வெளியே பிதுங்கி நிற்கும். அது கிட்டத்தட்ட ஒரு கோடு. சாலையோரத்தில் கோடு போடாமல் அவரவர் விருப்பத்துக்குக் கார் நிறுத்துவதுபோல. அங்கே நீளத்தில் முக்கால் பங்கு நிரம்பியதும் இடம் தீர்ந்துவிடும். 600-ஐ 25-ஆல் வகுத்தால் 24, அதில் முக்கால் 18. 17 வந்தது இயல்பே.

ஆனால் என் கவலை எண்ணிக்கை அன்று. நிரம்பிய நிலைக்குப் பக்கத்தில் போட்ட 27 புள்ளிகள் குடியிருப்பு முழுவதையும் சமமாகப் பார்க்கின்றனவா? ஒரு சோதனை செய்யுங்கள். தற்செயல் தேர்வைத் தொடங்கிவைக்கும் `SEED` எண்ணை மாற்றி மாற்றி 500 முறை ஓட்டி, எல்லாப் புள்ளிகளையும் ஒரே வரைபடத்தில் கொட்டுங்கள்.

செம்பூர் வரைபடம்

செய்தேன். இரவு முழுக்கக் கணினியை ஓடவிட்டுக் காலையில் பார்த்தபோது மனம் கனத்துவிட்டது. எல்லையை ஒட்டிக் கறுப்பாக ஒரு வரம்பு, நான்கு மூலைகளிலும் இன்னும் அடர்த்தி. அதை அடுத்து உட்புறமாக வெளிறிய ஒரு பட்டை. ஓரத்தில் இருக்கும் இடத்துக்கு ஒரு பக்கம்தான் அண்டை உண்டு, மறுபக்கம் தட்டுப் போட ஆள் இல்லை. அதனால் ஓரம் அடைபடுவது குறைவு, புள்ளி விழுவது அதிகம்.

இது எங்கள் கணக்கெடுப்பில் சின்னப் பிழை அல்ல. ஓரம் என்றால் சாலை. சாலைப் பக்கம் கல் வீடு, சொந்தக் குழாய், கீழே கடை. உள்ளே போகப் போகத்தான் நான்கைந்து வீட்டுக்கு ஒரு குழாய். தண்ணீர் இல்லாதவர்களை எண்ணப் போன இடத்தில் தண்ணீர் இருப்பவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பைக் கொடுத்திருக்கிறேன்.

கோவண்டி மாணவர்

இடைவெளி இல்லாமல் போட்டுவிட்டு, நெருக்கமாக விழுந்தவற்றை நீக்கினால் இந்தச் சாய்வு வராதே?

மாட்டுங்கா புள்ளியியல்

வரும். ஓரப் புள்ளிக்கு அண்டை குறைவு என்பதால் நீக்கும்போதும் அதுவே அதிகமாகத் தப்பிக்கும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இடைவெளியைக் குறைத்து நிரம்பிய நிலையிலிருந்து வெகுதூரம் விலகி நிற்பது. மற்றொன்று, சதுரக் கட்டம் ஒன்றை எடுத்து, அதன் தொடக்கப் புள்ளியை மட்டும் தற்செயலாக வைப்பது. அப்போது எல்லா இடத்துக்கும் ஒரே வாய்ப்பு, இடைவெளியும் உறுதி. எண்ணிக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று கூடக்குறைய வரும்.

அல்சூர்வாசி

மும்பையின் சீத்தா கேம்ப் போன்ற இடத்தில் கட்டம் ஆபத்தில்லையா? 1976-இல் ஜனதா காலனியிலிருந்து மக்களைக் கொண்டுவந்து, செக்டர் பிரித்து, வரிசை வரிசையாக மனை கொடுத்த பகுதி அது. சந்துகளின் இடைவெளியும் உங்கள் கட்டமும் ஒத்துப்போனால் எல்லாப் புள்ளிகளும் சந்து முனையிலேயே விழும்.

மாட்டுங்கா புள்ளியியல்

உண்மை. கட்டத்தின் கோணத்தையும் தற்செயலாகத் திருப்பிவிட வேண்டும். பெரும்பாலும் அது போதும். எப்போதும் போதும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

தொண்ணூறடிச் சாலை

நான் தாராவியில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பவள். நீங்கள் புள்ளி போடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தப் புள்ளியில் நான் நின்றால் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். போன மாதம் ஒரு புள்ளி, களிமண் உலர்த்தும் வெற்றிடத்தின் நடுவில் விழுந்தது. பக்கத்து வீட்டை எடு என்று விதி. அந்த வெற்றிடத்தில் எங்கே புள்ளி விழுந்தாலும் அருகில் இருப்பவை சுற்றியுள்ள ஏழெட்டு வீடுகள்தான். அதே நாள் இன்னொரு புள்ளி இரண்டு முழம் அகலச் சந்தில். கீழே ஒரு குடும்பம். வெளிச்சுவரில் இரும்பு ஏணி, அதன்மேல் ஒரு குடும்பம், அதற்கும்மேல் வாடகைக்கு ஆறு பையன்கள். "பக்கத்து வீடு" என்றால் எந்தத் தளம் என்று தாளில் இல்லை. எல்லாரும் கீழ்வீட்டைத்தான் எழுதிக்கொண்டு வருகிறோம். ஏணியில் ஏற நேரமும் இல்லை.

மாட்டுங்கா புள்ளியியல்

அம்மா, நீங்கள் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சாய்வு. வெற்றிடத்தின் ஓரத்து வீடு அந்த வெற்றிடத்தின் வாய்ப்பையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. நெருக்கமான சந்தில் இருக்கும் வீட்டுக்குத் தன் கூரையளவு வாய்ப்புத்தான். நான் பரிந்துரைப்பது இது. புள்ளியைச் சுற்றி 8 மீட்டர் வட்டம். அதற்குள் வாசல் உள்ள எல்லாக் குடும்பங்களையும், மேல்தளம் உட்பட, எண்ணி எழுதுங்கள். ஒன்றைக் குலுக்கலில் எடுங்கள். எண்ணிக்கையைப் படிவத்தில் குறியுங்கள். 14 குடும்பங்களில் ஒன்று என்றால் அதன் பதிலுக்கு 14 மடங்கு எடை. வட்டத்தில் யாருமே இல்லையென்றால் "பூச்சியம்" என்று எழுதிவிட்டு நகருங்கள், பக்கத்து வீட்டுக்குப் போகாதீர்கள்.

செம்பூர் வரைபடம்

இப்போதுதான் இடைவெளிக்கு ஒரு நியாயமான அளவு எனக்குக் கிடைத்தது. 8 மீட்டர் வட்டங்கள் இரண்டு ஒன்றையொன்று தொடாமலிருக்க 16 மீட்டர் போதும். 25 என்பதை நான் முந்தைய திட்டத்திலிருந்து அப்படியே எடுத்திருந்தேன். அதே இரண்டு ஹெக்டேருக்கு 16 மீட்டர் இடைவெளியில் 20 புள்ளிகள் போட்டுப் பார்த்தேன். 500 ஓட்டங்களிலும் ஒன்றுகூட விடுபடவில்லை, ஓரத்துக் கறுப்பு வரம்பும் வெளிறிய சாயலாகிவிட்டது. குறைந்த பத்துப் புள்ளிகளைப் பெரிய குடியிருப்புகளுக்கு மாற்றியிருக்கிறேன். தண்டவாளத்தோரத்துக்கு மட்டும் நீளவாக்கில், தற்செயல் தொடக்கத்துடன், 40 மீட்டருக்கு ஒன்றாக 15 வைத்தேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எல்லையோர வீட்டைச் சுற்றிய 8 மீட்டரில் பாதி பலகோணத்துக்கு வெளியே போகிறது. அங்கே புள்ளியே விழாது. இப்போது ஓரத்து வீட்டுக்கு வாய்ப்புக் குறைந்துவிடாதா?

மாட்டுங்கா புள்ளியியல்

குறையும். எல்லையை 8 மீட்டர் வெளியே தள்ளி அதற்குள் புள்ளி போடுங்கள். எண்ணும்போது பழைய எல்லைக்குள் இருக்கும் வீடுகளை மட்டும் எண்ணுங்கள்.

தொண்ணூறடிச் சாலை

வட்டம் நல்ல யோசனை ஐயா. ஆனால் அந்தச் சந்துக்குள் என் கைப்பேசி என்னைப் பக்கத்துச் சந்தில் காட்டுகிறது. தகரக் கூரைகளுக்கு நடுவே 15 மீட்டர்கூட விலகும். 8 மீட்டரை எங்கிருந்து அளப்பது?

செம்பூர் வரைபடம்

கைப்பேசியை நம்பாமல், வட்டத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வரைந்து, கூரைகள் தெரிய அச்சிட்டுத் தருகிறேன் அக்கா. மசூதி, கழிப்பறைக் கட்டிடம், பெரிய நீர்த்தொட்டி எல்லாவற்றையும் அதில் குறித்துவிடுகிறேன். அடுத்த வாரம் மூன்று புள்ளிகளுக்கு நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாகப் போய் எண்ணி வர முடியுமா? இருவர் பட்டியலும் எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்தபிறகு வட்டத்தை 8-இல் வைப்பதா, கூட்டுவதா என்று முடிவுசெய்யலாம்.

தொண்ணூறடிச் சாலை

வருகிறேன். அச்சுத்தாளில் ஏணிகள் தெரியாது, அதற்கு ஒரு கட்டம் தனியாக விடுங்கள்.