மூன்று பேரும் கிம்: சொந்தக்காரர்களா? (கொரியா வந்தவர்களுக்கு)

செல்வி, சுவோன்: எங்கள் டீமில் மூன்று கிம். புதிதாக வந்தவரிடம் மேனேஜர் "எந்த கிம்?" என்று கேட்டார், அவர் "கிம்ஹே" என்றார். அது அவர் சொந்த ஊரா? மூவரும் உறவா?

ரவி: உறவுதான். அதனால் இங்கே கிம்மும் கிம்மும் கல்யாணம் பண்ணவே முடியாது, சட்டம்.

மணிமேகலை, டேகு: பாதிதான் சரி, ரவி. நாட்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கிம். கிம், லீ, பாக் மூன்றையும் கூட்டினால் பாதியை நெருங்கும். அதனால் வம்சத்தைப் பிரித்துக் காட்டுவது முதல் மூதாதையின் ஊர். அதைப் போன்குவான் என்பார்கள். நம் கொங்குக் கூட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கிம்ஹே கிம், காயா அரசர் சூரோவின் வழி. கியோங்ஜு கிம் சில்லா அரச வழி. இரண்டுக்கும் உறவில்லை. கிம்ஹே ஊரை மிதிக்காத கிம்ஹே கிம் லட்சக்கணக்கில் உண்டு.

ஊர் மட்டும் ஒன்றாக இருந்தாலும் போதாது: கியோங்ஜு கிம் வேறு, கியோங்ஜு லீ வேறு. ஊரும் பெயரும் ஒத்துப்போயும் ஏமாற்றும். ஆன்டோங் கிம்மில் பழையது, புதியது என்று இரண்டு வம்சம் உண்டு.

கல்யாணம்: ஒரே பெயர், ஒரே போன்குவான் என்றால் முன்பு தடை. 1997-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2005-ல் சட்டமே மாறியது. உறவின் தூரத்தை இங்கே சோன் என்ற படிக்கணக்கில் எண்ணுவார்கள். இப்போது 8 சோனுக்குள் இரத்த உறவு கூடாது. சகோதரர் 2, சித்தப்பா பிள்ளை 4 என்று எண்ணிப் போனால், 8 என்பது பாட்டனாரின் பாட்டனாரைப் பகிர்பவர். தாய்வழியும் இதில் சேரும். நம் அத்தை மகன் கல்யாணத்தை இங்கே சொன்னால் முகம் மாறும்!

ஜோ: எனக்கு வேறு பிரச்சினை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டது, ஆபீஸில் எல்லோரும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் எந்த வம்சம்?

மணிமேகலை: நமக்குப் போன்குவான் கிடையாது, ஜோ. வெளிநாட்டவர் அட்டையில் பாஸ்போர்ட் பெயர்தான் வரும். குடியுரிமை வாங்கியபின் குடும்ப நீதிமன்ற அனுமதியோடு கொரியப் பெயரும் போன்குவானும் உருவாக்கலாம். ஜெர்மனியில் பிறந்த லீ சாம் 'ஜெர்மனி லீ' வம்சத்தைத் தொடங்கினார். கொரியப் பெண்ணை மணந்தவர்கள் கவனியுங்கள்: தந்தை வெளிநாட்டவர் என்றால் பிள்ளை தாயின் பெயரையும் போன்குவானையும் எடுக்கலாம். குடும்ப உறவுச் சான்றிதழில் 본 என்ற கட்டம் அதற்குத்தான்.

ரவி: கிம்ஹே என்றதும் ஞாபகம். சூரோவை மணந்த ராணி ஹோ தமிழ்ப் பெண்தானே?

மணிமேகலை: 'சம்குக் யுசா' என்ற பழைய கொரிய நூல் அவரை ஆயுத்தா நாட்டு இளவரசி என்கிறது. அயோத்தி என்று சொல்லி அங்கே நினைவிடமே வைத்துவிட்டார்கள். தமிழகம் என்பதும் ஒரு வாதம், முடிவாகவில்லை. அவர் பெயரை எடுத்த பிள்ளைகளின் வழிதான் கிம்ஹே ஹோ. அதனால் பெயர் வேறானாலும் கிம்ஹே கிம் வீடுகள் அங்கே பெண் எடுப்பதைத் தவிர்ப்பது வழக்கம்.

செல்வி, ஒன்று மட்டும்: மேனேஜரை "கிம் ஷி" என்று கூப்பிட்டுவிடாதீர்கள், மரியாதைக் குறைவு. பதவியோடு 'நிம்' சேருங்கள்.

செல்வி: மூன்று கிம்மில் இரண்டு பேர் ஒரே பதவியாயிற்றே?

மணிமேகலை: அப்போது முழுப்பெயர், பதவி, நிம்.